கிணற்றடி மின்னழுத்தமும் நிலைதவறும் சில்லும்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூரைச் சுற்றிய வயல்களில் கிணற்றுப் பாசனமே பெரும்பங்கு வகிக்கிறது. மும்முனை மின்சாரம் வரும் நேரம் நள்ளிரவிலும் அமையக்கூடும் என்பதால், வீட்டிலிருந்தே கைபேசியில் அழைத்து மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் உதவும் மொபைல் ஸ்டார்ட்டர் இத்தகைய ஊர்களில் பழகிப்போன கருவியாகிவிட்டது. அதனுள் ஒரு ஜிஎஸ்எம் மாடியூலும் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் சில்லும் இருக்கின்றன. அழைப்பவரின் எண் முன்னரே பதிவான எண்ணுடன் பொருந்தினால் சில்லு ஒரு ரிலேயை இயக்க, அது ஸ்டார்ட்டரை இழுத்து மோட்டாரை ஓடவைக்கிறது.

பல மாதங்கள் ஒழுங்காக ஓடிய இக்கருவி ஒரு நாள் பதிவான எண்ணை மறந்துவிடுவதும், அழைக்காமலே மோட்டாரை ஓட்டுவதும், எதற்கும் அசையாமல் உறைந்து நிற்பதும் உண்டு. ஃபர்ம்வேர் எனப்படும், சில்லுக்குள் எழுதப்பட்ட நிரல் கெட்டுவிட்டது என்று கருதி அதை மீண்டும் ஏற்றினால் சில வாரங்கள் சரியாக இருந்து பிறகு அதே கோளாறு திரும்புகிறது. இவ்வாறு திரும்பி வரும் கோளாற்றின் வேர் பெரும்பாலும் நிரலில் இல்லை. சில்லுக்கு வந்துசேரும் மின்னழுத்தத்தில் இருக்கிறது. அந்த மின்னழுத்தம் மூன்று வெவ்வேறு கால அளவுகளில் குலைகிறது என்பதையும், ஒவ்வொன்றுக்கும் காவல் வேறு என்பதையும் பிரித்துப் பார்த்தாலொழியப் பழுது விளங்குவதில்லை.

முதலாவது நானோ நொடிகளில், அதாவது நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு என்னும் அளவில், நிகழ்வது. சில்லு தன் கடிகாரத்தின் ஒவ்வொரு துடிப்பிலும் திடீரென்று மின்னோட்டத்தை இழுக்கிறது. ஆனால் மின்சாரம் கொண்டுவரும் செப்புத்தடம் தன் தூண்டல் பண்பால் அந்தத் திடீர் மாற்றத்தை எதிர்க்கிறது. ஒரு மில்லிமீட்டர் தடத்துக்கு ஏறத்தாழ ஒரு நானோஹென்றி என்று கொண்டால், 10 சென்டிமீட்டர் தடத்தின் தூண்டல் 100 நானோஹென்றி ஆகும். அதன் வழியே 5 நானோ நொடியில் 50 மில்லியாம்பியர் உயர வேண்டுமென்றால் தடத்திலேயே ஒரு வோல்ட் விழுந்துவிடும். இதற்காகத்தான் சில்லின் ஒவ்வொரு மின்கால் அருகிலும், சில மில்லிமீட்டருக்குள், 100 நானோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்று வைக்கப்படுகிறது. டீகப்ளிங் கெப்பாசிட்டர் எனப்படும் இது, வீட்டு வாசலில் வைத்த குடம்போல, தொலைவிலிருந்து வர வேண்டிய மின்னூட்டத்தை அருகிலேயே சேமித்துத் தருகிறது. சுற்றுப்படத்தில் இருந்தும் பலகையில் தள்ளிப் பொருத்தப்பட்டால் அது இருந்தும் பயனில்லை.

இரண்டாவது குலைவு ஜிஎஸ்எம் மாடியூலால் வருவது. கைபேசிக் கோபுரத்துடன் பேசும்போது அது 4.6 மில்லி நொடிக்கு ஒருமுறை, 0.577 மில்லி நொடி நேரம், ஏறத்தாழ 2 ஆம்பியரை இழுக்கிறது. மின்வழங்கி ஒரு ஆம்பியர்தான் தரும் என்றால் எஞ்சிய ஒரு ஆம்பியரை ஒரு பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் தர வேண்டும். அது 1000 மைக்ரோஃபாரட் ஆனால் அந்தச் சிறு நேரத்தில் அதன் மின்னழுத்தம் சுமார் 0.58 வோல்ட் குறைந்து, 4 வோல்ட் 3.42 ஆகும், பரவலாகப் பயன்படும் சிம்800 மாடியூல் வேலை செய்ய 3.4 வோல்ட் வேண்டும். புதிய கருவி மயிரிழையில் தப்பும். ஆனால் தகரப் பெட்டிக்குள் கோடை வெயிலில் கிடக்கும் கெப்பாசிட்டரின் உள்திரவம் மெல்ல உலர்ந்து, அதன் உள்மின்தடை ஏறுகிறது, அது 0.4 ஓம் ஆனாலே இன்னொரு 0.4 வோல்ட் இழப்பு சேர்ந்துகொள்ளும். புதிதில் சரியாக ஓடிய கருவி நாள்பட்டுத் தடுமாறுவதற்கான விடை பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கிறது. 2200 மைக்ரோஃபாரட் வைத்திருந்தால் முதல் இழப்பு 0.26 வோல்ட்டாகச் சுருங்கியிருக்கும்.

மூன்றாவதே ஆபத்தானது, ஏனெனில் அது நொடிக்கணக்கில் நீடிக்கிறது. மும்முனையில் ஒரு பேஸின் ஃபியூஸ் போய்விட்டால் அந்தக் கம்பியில் மின்சாரம் முற்றிலும் நின்றுவிடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அதே டிரான்ஸ்ஃபார்மரில் இணைந்து சுழலாமல் நிற்கும் மோட்டார்களின் சுற்றுகள் வழியாக மற்ற இரு பேஸ்களின் மின்சாரம் அதற்குள் கசிந்து, 230 வோல்ட்டுக்குப் பதில் அதில் பாதி, அதாவது 115 வோல்ட் அளவில் அங்கே நிற்கக்கூடும். கருவிக்குள் உள்ள 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் அப்போது 4.5 வோல்ட்தான் தரும். டயோடுகளைக் கடந்து நேர்மின்னாகும்போது அதன் உச்சம் சுமார் 5 வோல்ட். 5 வோல்ட் தர வேண்டிய 7805 ரெகுலேட்டருக்குக் குறைந்தது 7 வோல்ட் உள்ளீடு தேவை என்பதால் சில்லுக்குக் கிடைப்பது 3.3 வோல்ட் போன்ற ஒன்று.

இப்படிப்பட்ட கருவிகளில் காணப்படும் ஏடிமெகா 328பி சில்லு 16 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடச் சுமார் 3.8 வோல்ட் வேண்டும். மின்னழுத்தம் குறையக் குறைய டிரான்சிஸ்டர்கள் மெதுவாகின்றன. கடிகாரமோ வேகம் குறையாமல் துடிக்கிறது. நினைவகத்திலிருந்து கட்டளை முழுமையாகப் படிக்கப்படும் முன்பே அடுத்த துடிப்பு வந்துவிடுவதால், சில்லு இல்லாத கட்டளையை இருப்பதாகப் படித்து, நிரலில் தொடர்பற்ற ஓரிடத்துக்குத் தாவுகிறது. தாவிய இடம் எண்களைப் பதியும் பகுதியாக இருந்தால், மின்சாரம் போனாலும் தரவு காக்கும் ஈஈப்ராம் நினைவகத்தில் குப்பை எழுதப்படுகிறது. எண் மறந்துபோவதன் வழி இதுவே.

இதைத் தடுக்கச் சில்லுக்குள்ளேயே பிரவுன்அவுட் ரீசெட் என்னும் காவல் உண்டு: மின்னழுத்தம் குறித்த எல்லைக்குக் கீழே விழுந்தால் அது சில்லை நிறுத்திப் பிடித்து, மீண்டும் ஏறிய பின்னரே விடுவிக்கும். ஆனால் பலர் பின்பற்றும் ஆர்டுயினோ ஊனோ பலகையில் அந்த எல்லை 2.7 வோல்ட்டாக வைக்கப்பட்டிருக்கிறது. 3.8 வோல்ட்டுக்குக் கீழே சில்லு நம்பத்தகாதது, 2.7 வரை காவல் உறங்குகிறது, 3.3 வோல்ட் இந்த இடைவெளியின் நடுவே விழுகிறது. எல்லையை 4.3 ஆக்க ஒரே ஒரு கட்டளை போதும்:

```
avrdude -c usbasp -p m328p -U efuse:w:0xFC:m
```

அந்த 4.3 வோல்ட் சில்லுக்குச் சில்லு 4.1 முதல் 4.5 வரை மாறலாம் என்றாலும், கீழெல்லைகூட 3.8-க்கு மேலேயே நிற்கிறது. ஐயம் உறுதியாக வேண்டுமென்றால் நிரலின் தொடக்கத்தில் ரீசெட்டுக்கான காரணத்தைப் பதியலாம். சாதாரணமாக மின்சாரம் தரும்போதும் `BORF` எழக்கூடும் என்பதால், `PORF` இல்லாமல் அது மட்டும் எழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூட்லோடர் சில வேளைகளில் இந்தப் பதிவை முன்னரே அழித்துவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

```c
uint8_t r = MCUSR;
MCUSR = 0;
if ((r & (1 << BORF)) && !(r & (1 << PORF)))
    log_brownout();
```

காவல் விழித்திருந்தாலும் ஒரு சிறு இடர் எஞ்சுகிறது. ஈஈப்ராமில் ஓர் எழுத்தைப் பதிய 3.3 மில்லி நொடி ஆகும். அதன் நடுவே ரீசெட் வந்தால், மின்னழுத்தம் போதுமான அளவு தாங்கினால்தான் பதிவு முடியும். சில்லின் மின்தடத்தை ஜிஎஸ்எம் மாடியூலிலிருந்து ஒரு டயோடால் பிரித்து, அதற்கென்று 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்தால், 20 மில்லியாம்பியர் இழுக்கும் சில்லு அந்த நேரத்தில் 0.14 வோல்ட்தான் இழக்கும். டயோடிலேயே சில பத்தில் ஒரு பங்கு வோல்ட் விழுவதால், குறைந்த இழப்புள்ள ஷாட்கி டயோடைத் தேர்ந்து, 4.3 என்னும் எல்லைக்கு மேல் இடமிருக்கிறதா என்று முதலில் அளந்துகொள்ள வேண்டும். எண்ணை இரண்டு இடங்களில், ஒவ்வொன்றுக்கும் ஒரு சரிபார்ப்புத் தொகையுடன் பதிந்து வைத்தால், ஒரு படி பாதியில் நின்றாலும் மின்சாரம் திரும்பியதும் சில்லு தொகை பொருந்தும் படியை எடுத்துக்கொண்டு, அதைக் கொண்டே மற்றதையும் சரிசெய்துகொள்ளும்.