“முன்னணி” என்ற சொல்லை அழித்த பிறகு

வத்தளையில் நீர்கொழும்பு வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஓர் ஒழுங்கையில் நான் தட்டச்சும் மொழிபெயர்ப்பும் செய்து கொடுக்கிறேன். என் மேசைக்கு விண்ணப்பங்களும் சுயவிபரக்கோவைகளும் சிறுதொழில் செய்பவர்களின் அறிமுகக் குறிப்புகளும் வருகின்றன. அவற்றில் பாதிக்கு மேல் போர்க்காலத்தில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்து இங்கேயே தங்கிவிட்டவர்களுடையவை. அநேகமாக எல்லாக் குறிப்புகளும் ஒரே மாதிரித்தான் தொடங்கும்: “வத்தளையின் முன்னணி”, “சிறந்த தரம்”, “நீண்டகால அனுபவம்”, “நம்பர் வன் சேவை”.

கடந்த வருடம் எந்தளையில் தையல் வேலை செய்யும் ஓர் அக்கா அப்படியொரு கடதாசியுடன் வந்தார். ஒரு தனியார் பாடசாலை சீருடை தைப்பவர்களிடம் ஒரு பக்க அறிமுகம் கேட்டிருந்தது. அக்காவின் மருமகன் கைபேசியில் எழுதிக் கொடுத்ததை அனுப்பியிருக்கிறார். பதில் வரவில்லை. இன்னொரு பாடசாலைக்கு அனுப்புவதற்கு முன் “இதைக் கொஞ்சம் வடிவாக அடிச்சுத் தாங்கோ தம்பி” என்று கேட்டார்.

அந்தக் கடதாசியில் இருந்தது இவ்வளவுதான்: “வத்தளையின் முன்னணித் தையல் நிலையம். நீண்டகால அனுபவம். மிகச் சிறந்த தரம். குறித்த நேரத்தில் ஒப்படைக்கப்படும். வாடிக்கையாளர் திருப்தியே எமது இலட்சியம்.”

நான் அதைத் திருப்பி அவரிடமே வாசித்துக் காட்டினேன். பிறகு கடையின் பெயர் வரும் இடத்தில் பக்கத்துத் தெருவிலுள்ள வேறொரு தையல்காரரின் பெயரைப் போட்டு மறுபடி வாசித்தேன். ஒரு சொல்லும் மாறவில்லை. அக்கா சிரித்துவிட்டார். “முன்னணி” என்றால் யாரை விட முன்னணி, எதில் முன்னணி, யார் அளந்து சொன்னது என்று வாசிப்பவர் கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. பாடசாலை அதிபரின் மேசையில் இப்படி ஐந்து கடதாசிகள் இருந்தால் ஐந்தும் ஒன்றுதான். அவர் தெரிந்தவரிடமோ விலை குறைந்தவரிடமோ போய்விடுவார்.

பெரியவர்களின் வாழ்க்கைக் குறிப்பிலும் இதே கதைதான். தனிநாயகம் அடிகளாரைப் பற்றி “உலகம் போற்றும் ஒப்பற்ற தமிழறிஞர்” என்று எழுதலாம். அப்படி எழுதப்பட்ட அறிஞர்கள் நூறு பேர் இருப்பார்கள். மாறாக, 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்ற ஆங்கில ஆய்விதழைத் தொடங்கியவர், 1964இல் புதுடில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாகக் காரணமானவர், 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை நடத்தியவர் என்று எழுதினால் அது அவர் ஒருவருக்கு மட்டுமே பொருந்தும். சந்தேகப்படுபவர் போய்ச் சரிபார்க்கவும் முடியும். “ஒப்பற்ற” என்று நாம் சொல்லத் தேவையில்லை, வாசிப்பவர் தானே அந்த முடிவுக்கு வருவார்.

ஆனால் அடிகளாரின் ஆதாரங்கள் நூலகங்களில் இருக்கின்றன. அக்காவின் ஆதாரங்கள் எங்கே? நான் கேட்டபோது அவர் முகம் வாடியது. 1998இல் தையல் பழகிச் சான்றிதழ் எடுத்தவர். பதினொரு வருடம் ஊரில் தைத்தவர். சான்றிதழ், மாதிரிக் கொப்பி, படங்கள் எல்லாம் 2009இல் போய்விட்டன. “என்னட்ட ஒண்டும் இல்லைத் தம்பி. அதாலதான் இப்பிடி எழுதுறது” என்றார்.

இந்தப் பதிலைப் பல தடவை கேட்டிருக்கிறேன். நம்மில் பலர் பெருமைக்காக “சிறந்த” என்று எழுதுவதில்லை. காட்டக் கடதாசி இல்லாத இடத்தை அந்தச் சொல்லால் மூடுகிறோம். ஆகவே சொல்லை அழிப்பதற்கு முன் கையில் உண்மையில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று தேட வேண்டும்.

அடுத்த நாள் அக்கா ஒரு பையுடன் வந்தார். உள்ளே எட்டு சீ.ஆர். கொப்பிகள். 2016இல் இங்கே தைக்கத் தொடங்கிய நாளிலிருந்து வருடத்துக்கு ஒன்று. அளவு, துணி, முற்பணம், வந்த திகதி எல்லாம் அவர் கையெழுத்தில் இருந்தன. 2021இலிருந்து கொடுப்பதாகச் சொன்ன திகதியையும் கொடுத்த திகதியையும் எழுதியிருந்தார். “சொன்ன நாளுக்குத் தரேல்லை” என்று ஒருவர் சண்டை பிடித்த பிறகு வந்த பழக்கமாம். திருத்தத்துக்குத் திரும்பி வந்த உடுப்புகளுக்குச் சிவப்புப் பேனையால் ஒரு புள்ளடி.

இருவரும் உட்கார்ந்து எண்ணினோம். 2023இல் 126 ஓடர்கள், 431 உடுப்புகள். சொன்ன நாளில் அல்லது அதற்கு முன் கொடுத்தவை 115 ஓடர்கள், பிந்தியவை 11. திருத்தத்துக்கு வந்த உடுப்புகள் 19. இரண்டு மணித்தியாலத்தில் முடிந்த வேலை இது.

பிறகு 2022ஐ எண்ணினோம். 98 ஓடர்களில் 23 பிந்தியிருந்தன. மின்வெட்டும் எரிபொருள் வரிசையும் இருந்த வருடம், அவருடையது மின்சார இயந்திரம். அக்கா தயங்கினார். “இதைப் போடாமல் விடலாமோ?” விடலாம், ஆனால் ஒரு நிபந்தனையுடன். நல்லதாகத் தெரியும் வருடத்தைப் பொறுக்கி எடுக்கக் கூடாது. கடைசியாக முடிந்த முழு வருடத்தை எடுத்து, எந்த வருடம் என்பதையும் எழுத வேண்டும். அந்த வருடத்துக்குள் பிந்திய 11ஐ மறைக்கவும் கூடாது. 126இல் 115 என்று சொன்னாலே அது வெளியே வந்துவிடும். 2022ஐக் கேட்டால் கொப்பியைக் காட்டிக் காரணம் சொல்லலாம். எண்களாலும் பொய் சொல்லலாம் என்பதை மறக்கக் கூடாது. எதை எண்ணினோம், எந்தக் காலத்துக்கு எண்ணினோம் என்று சொல்லாத “நூறு வீதம் திருப்தி” பழைய “மிகச் சிறந்த தரம்” என்பதன் இன்னொரு வேடம்தான்.

எண்கள் கிடைத்ததும் எல்லாவற்றையும் அடுக்கிவிட ஆசை வரும். அதைவிட, வாசிப்பவரின் மனதிலுள்ள பயம் என்ன என்று பார்க்க வேண்டும். சீருடை கேட்கும் அதிபருக்குப் புடவைச் சட்டையின் அழகு முக்கியமில்லை. வீட்டில் தைக்கும் ஒருவரால் தவணை தொடங்குவதற்குள் இவ்வளவு சட்டைகளைத் தைத்து முடிக்க இயலுமா என்பதே அவருடைய பயம். அதற்குப் பதில் 2023ஆம் ஆண்டுக் கொப்பியின் நடுவில் கிடந்தது. ஓர் அறநெறிப் பாடசாலைக்கு 60 வெள்ளைச் சட்டைகள், 17 நாட்களில். அக்கா அதைப் பெரிதாகவே நினைக்கவில்லை. கடதாசியில் அதுவே மிக முக்கியமான வரியாயிற்று.

மிஞ்சியது 1998. கையில் சான்றிதழ் இல்லாத அந்தப் பதினொரு வருடத்தை என்ன செய்வது? அழிக்கவும் கூடாது, ஆதாரம் உள்ளதுபோல் காட்டவும் கூடாது. “1998 முதல் தைக்கிறேன். 2016 முதல் உள்ள ஓடர்களுக்குக் கொப்பி உண்டு” என்று இரண்டாகப் பிரித்து எழுதினோம். எது தன் சொல், எது கையிலுள்ள சான்று என்று ஒருவர் தானாகவே பிரித்துக் காட்டும்போது அவருடைய சொல்லுக்கும் மதிப்புக் கூடுகிறது.

தொழில் தெரிந்தும் கடதாசி இல்லாதவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. தேசிய தொழிற்தகைமை எனப்படும் என்.வி.கியூ. சான்றிதழை வகுப்புக்குப் போய்ப் படிக்காமலும் பெறலாம். முன்பே கற்றதை அங்கீகரிக்கும் முறை அதற்கென்றே இருக்கிறது. ‘நைற்றா’ என்று நாம் சொல்லும் பயிலுனர் பயிற்சி அதிகாரசபை போன்ற நிறுவனங்களில் விண்ணப்பித்தால், செய்த வேலைக்கான ஆதாரங்களைப் பார்த்து, செய்முறையிலும் சோதிப்பார்கள். தையல், மின்னிணைப்பு, மேசன் வேலை எனப் பல தொழில்களுக்கு இது உண்டு. அங்கேயும் கேட்பது இதே ஆதாரங்களைத்தான்: செய்த வேலையின் படங்கள், ஓடர் கொப்பி, வேலை வாங்கியவரின் கடிதம். தொலைந்துபோன சான்றிதழ் இதனால் திரும்பி வராது. ஆனால் அதே கைத்திறனுக்குப் புதிய சான்று கிடைக்கும். அக்கா இப்போது அதற்காகப் படங்கள் சேர்க்கிறார்.

ஆதாரம் காட்டுவது என்றால் எல்லாவற்றையும் திறந்து காட்டுவது அல்ல. நம்மவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் வரைவில் அக்கா எந்த ஊரில் தைத்தார், எந்த முகாமில் இருந்தார் என்றெல்லாம் நான் எழுதிவிட்டேன். அவர் வாசித்துவிட்டு “இது அவைக்கு எதுக்கு?” என்று கேட்டார். சரியான கேள்வி. சீருடை தைக்கும் திறமைக்கு அது ஆதாரம் இல்லை, ஆகவே எடுத்துவிட்டோம். வாடிக்கையாளரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் கொப்பியில் இருக்கும். அவற்றை மறைத்துத்தான் பக்கங்களைப் படமெடுக்க வேண்டும். சட்டை போட்ட பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களும் வேண்டாம். சட்டையைத் தொங்கவிட்டு எடுத்த படம் போதும். ஒருவரைச் சாட்சியாகக் குறிப்பிடுவதென்றால் முதலில் அவரிடம் கேட்க வேண்டும்.

கடைசியில் அனுப்பியது இதுதான்:

“1998 முதல் தைக்கிறேன். 2016 முதல் எந்தளையில் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் ஆடை தைத்து வருகிறேன். இக்காலத்து ஓடர்களுக்குக் கொப்பி உண்டு. 2023இல் 126 ஓடர்களில் 431 உடுப்புகள் தைத்தேன். 115 ஓடர்களைச் சொன்ன நாளில் அல்லது அதற்கு முன் கொடுத்தேன். ஒரே தடவையில் தைத்த பெரிய ஓடர்: அறநெறிப் பாடசாலை ஒன்றுக்கு 60 வெள்ளைச் சட்டைகள், 17 நாட்களில். இரண்டு மின் இயந்திரங்கள் உண்டு, உதவிக்கு ஒருவர் இருக்கிறார். அளவு பிழைத்தால் திருத்தத்துக்குப் பணம் வாங்குவதில்லை. கொப்பிகளை நேரில் பார்க்கலாம்.”

இதில் “சிறந்த” இல்லை, “முன்னணி” இல்லை. பெயரை மாற்றி வாசித்தால் பொய்யாகிவிடும். அதுவே நான் வைத்திருக்கும் சோதனை.

சட்டமும் இதில் கொஞ்சம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வியாபாரி நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதையும் பொய்யான விபரம் சொல்வதையும் தடுக்கிறது. “சிறந்த” என்ற வெறும் புகழ்ச்சிக்காக யாரும் ஒரு சிறிய தையல்காரரைத் தேடி வரப்போவதில்லை. ஆனால் எண்ணைச் சொன்னால் அது விபரம் ஆகிவிடுகிறது, உண்மையாக இருந்தே ஆகவேண்டும். அதனால்தான் எண்ணியதை மட்டும் எழுதுங்கள், எண்ணிய கொப்பியைப் பத்திரப்படுத்துங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். வருடம் முடிந்ததும் அந்த வரியை மறுபடி எண்ணி மாற்ற வேண்டும்.

இரண்டாவது பாடசாலையிலிருந்து தொலைபேசி வந்தது. மூன்று கிழமையில் 75 சட்டைகள் இயலுமா என்று அதிபர் கேட்டாராம். முன்பென்றால் “ஓம்” என்று சொல்லிவிட்டு இரவிரவாகத் தைத்திருப்பேன் என்றார் அக்கா. இம்முறை 60க்கு 17 நாள் என்ற கணக்கை வைத்து, “22 நாள் வேணும், ஒரு நாள் கூட” என்று சொல்லியிருக்கிறார். அதிபர் கொப்பியைக் கொண்டுவரச் சொன்னார். புரட்டிப் பார்த்துவிட்டு, முதல் தடவை என்பதால் 40 சட்டைகள் கொடுத்தார்.

அந்த ஓடர் ஒன்பதாவது கொப்பியில் இருக்கிறது. சொன்ன திகதியும் கொடுத்த திகதியும் ஒன்றே.