தாத்தா ஜாதகத்தில் இருப்பது சூரியனா, சுக்கிரனா?

பீரோவில் இருக்கும் மஞ்சள் தடவிய பழைய ஜாதக நோட்டைப் பிரித்தால் இரண்டு சதுரங்கள் தெரியும். ஒன்றின் நடுவில் ‘ராசி’ என்றும் மற்றதன் நடுவில் ‘அம்சம்’ என்றும் எழுதியிருக்கும். சுற்றிலும் பன்னிரண்டு கட்டங்கள். கட்டங்களுக்குள் ராசியின் பெயர் இருக்காது, ஏனென்றால் இடம் மாறுவதே இல்லை. மேல் இடது மூலை மீனம். அதற்கு வலப்பக்கம் மேஷம், அப்படியே கடிகாரச் சுற்றில் ரிஷபம், மிதுனம் என்று போகும். ‘ல’ என்ற எழுத்தோ மூலையில் ஒரு சாய்ந்த கோடோ இருக்கும் கட்டம் லக்னம். முதல் வீடு அதுதான்.

சிக்கல் வருவது சுருக்கெழுத்தில். மை மங்கிய தாளில் சூரியனுக்கான ‘சூ’வும் சுக்கிரனுக்கான ‘சு’வும் ஒன்றுபோலவே தெரியும். குருவின் ‘கு’வும் சில கையெழுத்துகளில் ‘சு’ போல இருக்கும். இதைத் தீர்க்க ஜோசியர் தேவையில்லை. அந்தத் தாளிலேயே விடை இருக்கிறது.

ஓர் உதாரணம். ஆவணி 10, ரோகிணி 3-ம் பாதம், தேய்பிறை நவமி, சூரிய உதயத்திலிருந்து 5 நாழிகை என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். சித்திரையில் மேஷத்தில் தொடங்கும் சூரியன் மாதம் ஒரு ராசியாக நகர்ந்து ஆவணியில் சிம்மத்துக்கு வந்துவிடும். ஆகவே சிம்மத்தில் இருப்பது ‘சூ’. கடகத்தில் இருக்கும் இன்னொரு மங்கல் எழுத்து ‘சு’ ஆகலாம், ஏனென்றால் சுக்கிரன் சூரியனை விட்டு இரண்டு கட்டத்துக்கு மேல் விலகாது. புதன் ஒரு கட்டத்துக்கு மேல் விலகாது. ‘பு’ தனுசில் இருந்தால் யாரோ படியெடுத்தபோது தவறு செய்திருக்கிறார்கள். ராகுவும் கேதுவும் எப்போதும் நேரெதிர்க் கட்டங்களில்தான் இருக்கும்.

லக்னத்தையும் சோதிக்கலாம். உதய நேரத்தில் சூரியன் இருக்கும் ராசியே லக்னம், பிறகு சுமார் இரண்டு மணிக்கு ஒரு ராசி நகரும். 5 நாழிகை என்பது இரண்டு மணி நேரம். அப்போது லக்னம் சிம்மத்தைத் தாண்டிக் கன்னிக்கு வந்திருக்கும். ‘ல’ கீழ் வலது மூலையில் இருந்தால் சரி.

அம்சக் கட்டம் ஒவ்வொரு ராசியையும் ஒன்பதாகப் பிரித்துப் போடுவது. ஒரு பங்கு ஒரு நட்சத்திரப் பாதம். ரோகிணி 3-ம் பாதத்துச் சந்திரன் ராசியில் ரிஷபம், அம்சத்தில் மிதுனம். கட்டத்தில் வேறு இடத்தில் இருந்தால் பாதமோ கட்டமோ தவறு. அம்ச லக்னத்தை மட்டும் அதிகம் நம்ப வேண்டாம். அது ஏறக்குறைய 13 நிமிடத்துக்கு ஒருமுறை மாறும், பிறந்த நேரமோ பல வீடுகளில் உத்தேசமாகச் சொன்னது.

கீழே ‘சந்திர தசை இருப்பு’ என்ற வரியில் ௵, ௴, ௳ என்ற குறிகள் வரும். அவை வருடம், மாதம், நாள். சந்திர தசை மொத்தம் 10 வருடம். 3-ம் பாதத்துக்கு இருப்பு இரண்டரை முதல் ஐந்து வருடத்துக்குள் இருக்க வேண்டும்.

படியெடுக்கும்போது ‘சூரி’, ‘சுக்’ என்றே எழுதுங்கள். நாழிகை வரியை விட்டுவிடாதீர்கள், மூலத்தாளையும் தூக்கிப் போடாதீர்கள்.