பேட்ஜை ஸ்கேன் பண்ணிக்கலாங்களா?

தொழில் கண்காட்சிக்குப் போய், ரிஜிஸ்ட்ரேஷன் கவுண்டரில் பேட்ஜ் வாங்கிக் கழுத்தில் மாட்டியதும், அரங்குக்குள் நுழையும் முன் ஒரு காரியம் செய்து பாருங்கள். உங்கள் கைப்பேசியின் கேமராவைத் திறந்து, பேட்ஜில் அச்சாகியிருக்கும் க்யூஆர் கோடின் மேல் காட்டுங்கள். உங்கள் பெயர், கம்பெனி, கைப்பேசி எண் எல்லாம் திரையில் வந்து நின்று, காண்டாக்டில் சேர்க்கட்டுமா என்று கேட்டால், அந்த அரங்கில் உங்கள் விவரத்தை யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போகலாம். அதற்கு உங்களிடம் யாரும் கேட்க வேண்டியதே இல்லை. பக்கத்தில் நின்று டீ குடிப்பவர்கூட உங்கள் பேட்ஜைப் படம் எடுத்தால் போதும்.

அந்தக் கட்டத்துக்குள் எழுதியிருப்பது இப்படி இருக்கும்:

```
BEGIN:VCARD
VERSION:3.0
N:Name;Visitor;;;
FN:Visitor Name
ORG:Company Name
TEL:+910000000000
EMAIL:name@example.com
END:VCARD
```

இதற்குப் பதில், கேமராவில் இப்படி ஒரு பொருளற்ற எழுத்துக்கோவை மட்டும் வந்தால் கதை வேறு:

```
K7Q2-4MX9
```

இது உங்கள் பதிவு எண். இதை வைத்துக்கொண்டு வெளியாள் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் பெயரும் எண்ணும் அமைப்பாளரின் சர்வரில் இருக்கின்றன. ஸ்டால்காரரின் ஆப் இந்த எண்ணை அங்கே அனுப்பிக் கேட்கும். கொடுக்கலாமா, எதை மட்டும் கொடுக்கலாம் என்று முடிவு செய்ய சர்வருக்கு அப்போது ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. வருகையாளரின் சம்மதத்தைக் கேட்க முடிகிற இடம் அது ஒன்றுதான். முதல் வகை பேட்ஜில் அந்த இடமே கிடையாது. ஆகவே, 'உங்கள் அனுமதியோடுதான் பகிர்வோம்' என்று இணையதளத்தில் எத்தனை பெரிதாகப் போட்டிருந்தாலும், பேட்ஜில் விவரம் அப்படியே அச்சாகியிருந்தால் அந்த வாக்குறுதிக்குப் பொருள் இல்லை. முதல் வகையை அச்சிடுவது சுலபம். இன்டர்நெட் வேண்டாம், சர்வர் வேண்டாம். அதனால்தான் அது இன்னமும் புழக்கத்தில் இருக்கிறது.

ஸ்டால்காரர் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். வாடகை, ஸ்டால் அலங்காரம், மிஷினை லாரியில் ஏற்றி இறக்கும் செலவு, ஆட்களுக்கு லாட்ஜ் என்று அவர் கொட்டும் பணத்துக்குக் கைமேல் கிடைக்கும் பலன் என்கொயரிகள்தான். 'லீட்' என்பார்கள். முன்பு கண்ணாடிக் கிண்ணத்தில் விசிட்டிங் கார்டு போடச் சொன்னார்கள்; கண்காட்சி முடிந்து ஊருக்குப் போனபின், எந்தக் கார்டு யாருடையது, என்ன கேட்டார் என்று ஒருவருக்கும் நினைவிருக்காது. பேட்ஜ் ஸ்கேன் அந்தக் குறையைத் தீர்க்க வந்தது.

நன்றாக நடந்தால் அது எப்படி இருக்கும்? கோவை கொடிசியா வளாகத்தில் ஓர் இயந்திரக் கண்காட்சி என்று வைத்துக்கொள்வோம். திருப்பூரில் சின்ன நிட்டிங் யூனிட் நடத்தும் ஒருவர் ஏர் கம்ப்ரஸர் ஸ்டாலில் பத்து நிமிடமாக நிற்கிறார். அவரிடம் இருப்பது பழைய பிஸ்டன் மிஷின். கரண்ட் பில் கட்டி மாளவில்லை. ஸ்க்ரூ கம்ப்ரஸருக்கு மாறினால் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்கிறார். ஸ்டால் பையன் கைப்பேசியை எடுக்கிறான்.

"அண்ணா, பேட்ஜை ஸ்கேன் பண்ணிக்கலாங்களா?"

"எதுக்குங்க தம்பி?"

"கொட்டேஷன் அனுப்பத்தானுங்க. உங்களுக்கு ஒரு மெசேஜ் வரும், நீங்க ஓகே கொடுத்தாத்தான் நம்பர் எங்களுக்குத் தெரியும்."

ஸ்கேன் ஆனதும் பையனின் திரையில் பெயர், கம்பெனி, ஊர் மட்டும் தெரிகிறது. எண் இருக்கும் இடத்தில் 'அனுமதிக்குக் காத்திருக்கிறது' என்று வருகிறது. அவன் அந்த நேரத்திலேயே, என்ன பொருள், எப்போது வாங்குவார் என்பதைத் தேர்ந்து, குறிப்புப் பெட்டியில் 'பழைய பிஸ்டன், 20 எச்பி, கரண்ட் பில் கவலை, பவர் கணக்கோடு கொட்டேஷன்' என்று தட்டுகிறான். இந்த ஒற்றை வரிதான் லீடை லீடாக்குகிறது. குறிப்பே இல்லாத நூறு ஸ்கேனைவிடக் குறிப்போடு பத்து மேல் என்று எந்த சேல்ஸ் மேனேஜரும் சொல்வார். ஆனால் ஸ்டாலில் நிற்கும் பையனுக்கு டார்கெட் கொடுக்கும்போது எண்ணிக்கையைத்தான் கேட்பார்.

இதற்குள் திருப்பூர்க்காரரின் கைப்பேசிக்கு ஒரு செய்தி வருகிறது. இந்த ஸ்டாலில் இருந்து உங்கள் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கேட்கிறார்கள். நோக்கம் கொட்டேஷன் அனுப்புவது. இரண்டும் தரலாமா, மின்னஞ்சல் மட்டும் போதுமா, வேண்டாமா? அவர் மின்னஞ்சலை மட்டும் தேர்கிறார். பையனின் திரையில் மின்னஞ்சல் திறக்கிறது, எண் மூடியே இருக்கிறது. போனில் பிடித்துப் பேச முடியவில்லையே என்று அவனுக்குச் சற்று வருத்தம் இருக்கலாம். ஆனால் அவன் அனுப்பும் கொட்டேஷன், எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒருவருக்குப் போகிறது.

நடைமுறையில் இது இழுபறியாகும் இடம் உண்டு. கூட்டத்தில் பலர் மெசேஜைப் பார்ப்பதே இல்லை. அனுமதி கேட்டது கேட்டபடியே தொங்கும். ஸ்டால்காரர் பொறுமை இழந்து, 'இங்கேயே கேட்டு வாங்கிக்கொள்கிறோம்' என்பார். உடனே ஆப் செய்பவர்கள் விற்பனையாளர் கையில் இருக்கும் திரையிலேயே ஒரு பெட்டியை வைத்துவிடுகிறார்கள்: 'வருகையாளர் சம்மதித்தார்'. அதில் டிக் அடிப்பது யார்? விற்பவர். பரபரப்பில் யாரிடமும் கேட்காமலே விரல் அதன் மேல் போய்வரும். அப்படி வாங்கிய சம்மதத்தைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. ஒரு ஸ்டாலில் அன்றைய ஸ்கேன் அத்தனைக்கும், ஒன்றுவிடாமல், ஸ்கேன் ஆன ஓரிரு விநாடிக்குள் 'சம்மதம்' விழுந்திருந்தால் அது மனிதர்கள் யோசித்துச் சொன்ன சம்மதம் இல்லை. இதற்கு எனக்குத் தெரிந்த சரியான மாற்று, மாலையில் வருகையாளருக்கு ஒரு பட்டியல் அனுப்புவது: இன்று உங்கள் பேட்ஜை ஸ்கேன் செய்த ஸ்டால்கள் இவை, இன்னின்ன விவரம் போயிருக்கிறது, வேண்டாததை நீக்கலாம். தன் பெயர் அந்தப் பட்டியலில் வரும் என்று தெரிந்த ஸ்டால்காரர் கேட்காமல் ஸ்கேன் செய்யத் தயங்குவார்.

இன்னும் சுலபமான வழி, கேமராவைத் திருப்பிப் பிடிப்பது. ஸ்டாலில் ஒரு க்யூஆர் அட்டை. விருப்பமுள்ள வருகையாளர் அதைத் தன் கைப்பேசியால் ஸ்கேன் செய்து விவரம் தருவார். சம்மதத்தில் சந்தேகமே இல்லை. எண்ணிக்கை குறையும் என்பதால் விற்பனைக்காரர்களுக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டது. சம்மதம் என்பது சுதந்திரமாக, குறிப்பிட்ட நோக்கத்துக்காக, விஷயம் தெரிந்து, நிபந்தனையின்றி, தெளிவான செயலால் தரப்படுவதாக இருக்க வேண்டும் என்கிறது அது. அதோடு, அந்த நோக்கத்துக்குத் தேவையான விவரத்துக்கு மட்டும்தான் அது செல்லும்.

இந்த அளவுகோலை வைத்து, பதிவுப் படிவத்தின் அடியில் இருக்கும் அந்தப் பழைய வரியைப் பாருங்கள்: 'என் விவரங்களைக் கண்காட்சியில் பங்கேற்பவர்களுடனும் கூட்டாளிகளுடனும் பகிரச் சம்மதிக்கிறேன்.' பெட்டியில் முன்கூட்டியே டிக் விழுந்திருக்கும். எடுத்தால் பதிவு நகராது. பங்கேற்பவர்கள் யார், எத்தனை பேர், எதற்காக என்று எதுவும் இல்லை. நுழைவுக்கே அது நிபந்தனையாகிவிட்டதால் சுதந்திரமும் இல்லை. ஸ்கேன் செய்தால் குலுக்கலில் ஸ்கூட்டர் என்பதும் இதற்குப் பக்கத்தில்தான் வரும். குலுக்கலுக்குத் தந்த எண், பரிசு கிடைத்ததைச் சொல்லத்தான். மாதாமாதம் விளம்பரம் அனுப்ப அல்ல. இரண்டுக்கும் தனித்தனியே கேட்டால் பிரச்சினை இல்லை.

அதே சட்டத்தில், ஒருவர் தானாக முன்வந்து ஒரு நோக்கத்துக்குத் தந்த விவரத்தை, அவர் மறுப்புச் சொல்லாதவரை, அந்த நோக்கத்துக்குப் பயன்படுத்தலாம் என்றும் இருக்கிறது. 'கொட்டேஷன் அனுப்புங்க தம்பி' என்று ஒருவர் தானே பேட்ஜை நீட்டினால், கொட்டேஷனுக்கு அதைப் பயன்படுத்துவது இந்த வகையில் வரக்கூடும். வேறு பொருளுக்கான விளம்பரம் வராது. காகிதக் கார்டுதானே என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: காகிதத்தில் வாங்கினாலும், அதை எக்செல்லில் தட்டிய நிமிடத்தில் இந்தச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. நோட்டீஸைத் தமிழில் கேட்கவும் உரிமை உண்டு. அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணை மொழிகளில் எதிலும் அதைப் பெறும் வசதி இருக்க வேண்டும்.

தவறு நேரும் இடங்களில் மிகச் சாதாரணமானது, கவுண்டரில் அவசரமாகத் தட்டிய கைப்பேசி எண். ஓர் இலக்கம் மாறினால், ஸ்கேன் சரியாக நடந்து, சம்மத மெசேஜ் மட்டும் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகும். அவர் தெரியாமல் 'சரி' அழுத்திவிட்டால் கண்காட்சிக்கே வராதவருக்குக் கம்ப்ரஸர் கொட்டேஷன். கல்லூரியிலிருந்து வரும் மாணவர் கூட்டம் இன்னொரு தலைவலி. எல்லோரும் அழைத்துவந்த பேராசிரியரின் எண்ணையே கொடுத்துவிடுவார்கள். பதிவின்போதே ஓடிபி வைத்து எண்ணைச் சரிபார்த்தால் இவை பெரும்பாலும் ஒழியும்.

அடுத்தது நெட்வொர்க். கூரைத் தகடு போட்ட பெரிய அரங்கில் ஆயிரக்கணக்கான கைப்பேசிகள் ஒரே நேரத்தில் திணறும்போது ஸ்கேன்கள் ஸ்டால்காரரின் கருவியிலேயே தேங்கி, இரவில் லாட்ஜ் வைஃபையில்தான் சர்வரைச் சேரும். மாலை ஐந்து மணிக்கு வருகையாளர் அனுமதியை ரத்து செய்திருப்பார். காலையில் எடுத்த ஸ்கேன் இரவு வந்து சேரும். சர்வர் கடைசியாக வந்ததை நம்பினால் ரத்து அழிந்துபோகும். வருகையாளரின் சமீபத்திய முடிவு எதுவோ அதுதான் நிற்க வேண்டும் என்று சர்வரில் எழுதியிருக்க வேண்டும். பேட்ஜில் வெறும் பதிவு எண் இருப்பதன் இன்னொரு நன்மை இங்கே தெரியும்: சர்வரைச் சேரும்வரை அந்தக் கருவியில் இருப்பது பொருளற்ற எழுத்துக்கோவைதான். கருவி தொலைந்தாலும் யாருடைய எண்ணும் வெளியே போகாது.

ஆனால் இந்த ஏற்பாடு எல்லாம் ஓர் எல்லை வரைதான். கடைசி நாள் மாலை ஸ்டால்காரர் 'எக்ஸ்போர்ட்' பொத்தானை அழுத்தி, அனுமதி கிடைத்த பெயர்களை எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்வார். அதற்குப்பின் அமைப்பாளரின் சர்வருக்கு அந்தக் கோப்பின் மேல் பிடி கிடையாது. திருப்பூர்க்காரர் அடுத்த வாரம் மனம் மாறி ரத்து செய்தால், அமைப்பாளர் ஸ்டால்காரருக்குத் தகவல் சொல்லலாம். கோப்பிலிருந்து அழிக்க வேண்டியவர் ஸ்டால்காரர்தான். இப்போது அந்த விவரத்துக்குச் சட்டப்படி பொறுப்பும் அவருக்கே. சம்மதம் கொடுத்தது எவ்வளவு சுலபமாக இருந்ததோ, அதே சுலபத்தில் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது சட்டம். அதனால் அனுப்பும் முதல் மெயிலிலேயே 'வேண்டாம்' என்பதற்கு ஒரு லிங்க், அந்த லிங்கை யார் பார்க்கிறார்கள் என்று அலுவலகத்தில் ஒரு பெயர், எக்செல்லில் 'சம்மதம் தந்த நாள், எதற்கு' என்று இரண்டு பத்தி வைத்துக்கொள்வது ஸ்டால்காரருக்கே நல்லது. பின்னால் கேள்வி வந்தால், சம்மதம் பெற்றதை நிரூபிக்க வேண்டியவரும் அவர்தான்.

பல ஆண்டுக் கண்காட்சிகளில் சேர்த்த பழைய பட்டியல்கள் பெரும்பாலான சேல்ஸ் டிபார்ட்மென்ட்களின் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. சட்டம் நடைமுறைக்கு வருமுன் சம்மதத்தோடு வாங்கியவை என்றால், உங்கள் இந்த விவரம் எங்களிடம் இருக்கிறது, இதற்காகப் பயன்படுத்துகிறோம், இப்படி நிறுத்தலாம் என்று கூடிய விரைவில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அவர்கள் மறுக்காதவரை தொடரலாம். எங்கிருந்து வந்தது என்றே தெரியாத பட்டியலுக்கும், 'போன வருஷக் கண்காட்சிக்கு வந்தவர்கள் லிஸ்ட், விலைக்கு' என்று மெயிலில் வரும் கோப்புக்கும் இந்த வழி இல்லை.