பிராங்கை ஆயிரமாக்கினால் எது மாறும்?

வருமானம் கூடக் கூட, அதில் உணவுக்குப் போகும் பங்கு குறையும் என்று 1857இல் எழுதினார் ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல். அவர் பெயரால் வழங்கும் ஒரு தரவுத் தொகுப்பைப் பொருளியல் மாணவர்கள் இன்றும் பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறார்கள். பெல்ஜியத்தின் 235 தொழிலாளர் குடும்பங்களுடைய ஆண்டு வருமானமும் உணவுச் செலவும் அதில் பிராங்க் கணக்கில் இருக்கின்றன.

இந்தப் புள்ளிகளின் ஊடே ரெக்ரஷன் முறையில் ஒரு நேர்கோடு வரைந்தால், வருமானத்தின் கெழு 0.485 என்று வரும். வருமானம் ஒரு பிராங்க் கூடினால் உணவுச் செலவு சராசரியாக அரை பிராங்குக்குச் சற்றுக் குறைவாகக் கூடுகிறது. அந்தக் கெழுவின் திட்டப்பிழை 0.0144. கோடு தொடங்கும் இடம் 147.5 பிராங்க்.

இனி வருமானத்தை மட்டும் ஆயிரம் பிராங்குகளில் எழுதுவோம். கெழு 485 ஆகிறது, திட்டப்பிழை 14.4 ஆகிறது. இரண்டும் ஆயிரம் மடங்கு பெருகியதால், ஒன்றை மற்றதால் வகுத்துக் கிடைக்கும் டி மதிப்பு முன்போலவே சுமார் 33.8. தொடக்கப் புள்ளியும் நகரவில்லை. ஆயிரம் பிராங்க் வருமானமுள்ள குடும்பத்துக்கு இரண்டு கணக்கும் ஏறத்தாழ 633 பிராங்க் உணவுச் செலவையே சொல்கின்றன. கோடு அதே கோடுதான்.

உணவுச் செலவை மட்டும் ஆயிரங்களில் எழுதும்போதுதான் ஆபத்து. கெழு 0.000485, திட்டப்பிழை 0.0000144 என்று சுருங்கிவிடும். நான்கு தசம இடங்களோடு நிறுத்தும் அட்டவணையில் இவை 0.0005, 0.0000 என்று அச்சாகும். வருமானத்துக்கும் உணவுக்கும் தொடர்பே இல்லை என்று வாசகர் நினைத்துவிடுவார். அச்சான அந்த இரண்டு எண்களிலிருந்து டி மதிப்பையும் மீட்டெடுக்க முடியாது.

இன்னொரு மயக்கமும் உண்டு. கோட்டிலிருந்து புள்ளிகள் விலகி நிற்கும் அளவைக் காட்டும் எச்சத் திட்டப்பிழை, முதல் கணக்கில் 114 பிராங்க். செலவை ஆயிரங்களில் எழுதினால் அது 0.114. பொருத்தம் திடீரென்று மேம்பட்டதுபோலத் தோன்றும். ஆனால் R² இரண்டிலும் 0.83தான். விலகல்களின் வர்க்கக் கூட்டுத்தொகையும், செலவின் மொத்த ஏற்ற இறக்கமும் ஒரே பத்து லட்சத்தால் வகுபடுவதால் அவற்றின் விகிதம் மாறுவதில்லை.

இரண்டையுமே ஆயிரங்களில் எழுதினால் கெழு மீண்டும் 0.485. தொடக்கப் புள்ளி மட்டும் 0.147 ஆகும்.

ஆனால் ரிட்ஜ், லாஸ்ஸோ போன்ற முறைகளில் இந்த நிம்மதி கிடையாது. அவை கெழுவின் பருமனுக்கே தண்டம் விதிப்பதால், அலகு மாறினால் விடையும் மாறும். அங்கே மாறிகளை முதலில் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்தாக வேண்டும். சாதாரண ரெக்ரஷனில், கெழுவுக்கு இரண்டு மூன்று இலக்கங்கள் தெளிவாகத் தெரியும் அலகைத் தேர்ந்தெடுத்து, அதை அட்டவணையின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.