தளம் திறந்த முதல் ஒரு மணி நேரம்

இணையதளம் திறக்கும் நாளில் எல்லோரும் கேட்கும் கேள்வி, "கூட்டம் தாங்குமா?" என்பதுதான். பயம் நியாயமானது. 2013 அக்டோபர் 1 அன்று அமெரிக்க அரசு திறந்த Healthcare.gov என்ற மருத்துவக் காப்பீட்டுத் தளத்தில், முதல் நாள் பதிவை முடிக்க முடிந்தவர்கள் ஆறே பேர் என்று பின்னால் வெளியான ஆவணங்கள் காட்டின. ஆனால் நம் ஊர்க் கடைக்கு முதல் நாளே லட்சம் பேர் வருவதில்லை. இங்கே தளம் படுக்காது, நன்றாக ஓடுவதுபோலவே தெரியும். ஆர்டர்கள் மட்டும் சத்தமில்லாமல் தொலையும்.

கருப்பட்டி விற்கும் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். வேர்ட்பிரஸில் தளம், ஊகாமர்ஸில் கடை, பணம் வாங்க ரேசர்பே. டொமைனைப் புதிய சர்வருக்குத் திருப்பியாகிவிட்டது. உடனே செல்போனில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில், இன்காக்னிட்டோவில் தளத்தைத் திறங்கள். தளத்தைக் கட்டிய கணினியில் நீங்கள் அட்மினாக உள்ளே இருப்பீர்கள், பழைய பக்கங்களும் அதில் தங்கியிருக்கும். அதில் தெரிவதை நம்ப முடியாது. முகவரியை www சேர்த்தும் சேர்க்காமலும், http என்றும் https என்றும் நான்கு விதமாக அடித்துப் பாருங்கள். நான்கும் https உள்ள ஒரே முகவரியில் போய் நிற்க வேண்டும். பாதுகாப்புச் சான்றிதழை ஒரு பெயருக்கு மட்டும் வாங்கியிருந்தால், மற்றதை அடித்தவருக்கு "Your connection is not private" என்ற எச்சரிக்கைதான் வரும். அவர் அங்கேயே திரும்பிவிடுவார்.

அடுத்தது பணம். இருக்கும் நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்கலாம். சோதனைக் காலத்தில் ரேசர்பேயின் சாவி `rzp_test_` என்று தொடங்கும். நிஜப் பணம் வாங்க `rzp_live_` என்று தொடங்கும் சாவி வேண்டும். இதை மாற்றாவிட்டால் ஒரு பைசாவும் வராது. சாவியை ஞாபகமாக மாற்றுகிறவர்கள்கூட வெப்ஹூக்கை விட்டுவிடுகிறார்கள். பணம் வந்துவிட்டது என்று ரேசர்பே உங்கள் தளத்துக்கு அனுப்பும் தகவல்தான் வெப்ஹூக். சோதனைக்கு அமைத்தது நிஜத்துக்குச் செல்லாது, தனியாக அமைக்க வேண்டும்.

இதைச் சோதிக்க ஒரு ரூபாய்க்கு ஒரு பொருளைப் போட்டு, செல்போனில் யுபிஐ வழியாக நீங்களே வாங்குங்கள். பணம் போனதும் தளத்துக்குத் திரும்பாமல் பிரௌசரை மூடிவிடுங்கள். பணம் போய்விட்டது என்று கண்டதும் போனை வைத்துவிடும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கான சோதனை இது. வெப்ஹூக் சரியாக இருந்தால் சற்று நேரத்தில் ஆர்டர் Processing என்று மாறும். இல்லையென்றால் Pending payment என்றே நிற்கும். சரக்கு இருப்புக் கணக்கு வைத்துள்ள கடையில், நீங்கள் அமைப்பை மாற்றாதவரை, 60 நிமிடம் கழித்து ஊகாமர்ஸ் அந்த ஆர்டரைத் தானே ரத்து செய்துவிடும். பணம் உங்களிடம் இருக்கும், ஆர்டர் ரத்தாகியிருக்கும், வாங்கியவர் பார்சலுக்குக் காத்திருப்பார். சோதனை முடிந்ததும் அந்த ஒரு ரூபாயை ரீஃபண்ட் செய்து, அதுவும் நடக்கிறதா என்று பாருங்கள்.

அதே ஆர்டருக்கு உங்களுக்கும் வாங்கியவருக்கும் மெயில் வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் ஸ்பாமில் தேடுங்கள். உங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப அந்த சர்வருக்கு அனுமதி பதிவாகவில்லை என்றால் அங்கேதான் போய் விழும். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, அந்த மெயிலின் Show original பக்கத்தில் SPF, DKIM இரண்டுக்கும் நேரே PASS இருக்கிறதா என்று பாருங்கள். எதிர்த்திசையையும் விடக் கூடாது. தளத்தை மாற்றும்போது நேம்சர்வரையும் மாற்றியிருந்தால், மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் MX பதிவு பழைய இடத்திலேயே தங்கிவிடலாம். பல வருடமாக ஓடிக்கொண்டிருந்த அலுவலக மெயில் அன்றோடு நின்றுபோகும். வெளியாள் ஒருவரின் ஜிமெயிலிலிருந்து கடை முகவரிக்கு ஒரு மெயில் அனுப்பச் சொன்னால் தெரிந்துவிடும்.

கடைசியாக, எந்தத் திரையிலும் தெரியாத ஒரு பிழை. தளம் கட்டும்போது கூகுள் எட்டிப்பார்க்கக் கூடாது என்று வேர்ட்பிரஸின் Reading அமைப்பில் ஒரு டிக் போட்டிருப்பார்கள். அதை எடுக்காவிட்டால் பக்கத்தின் மூலக்குறியில் இந்த வரி இருக்கும்:

```
<meta name='robots' content='noindex, nofollow' />
```

தளம் மாதக்கணக்கில் ஓடும், கூகுளில் மட்டும் வராது. முதல் பக்கத்தையும் ஏதாவது ஒரு பொருளின் பக்கத்தையும் View source-இல் திறந்து `noindex` என்று தேடினால் ஒரு நிமிடத்தில் விடை கிடைக்கும்.

நல்ல நேரம் பார்த்துத் திறக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டொமைனை முதல் நாளே திருப்பிவிடுங்கள், இத்தனையையும் அன்றே பார்த்து முடியுங்கள். நேம்சர்வர் மாற்றம் எல்லா இடத்துக்கும் பரவ ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். முகூர்த்தத்தை வாட்ஸ்அப் அறிவிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.