எட்டு மாதத்துக்கு முந்தைய விண்ணப்பம்

"டியர் கேண்டிடேட், வேலை மாற விருப்பமா? அப்டேட் செய்த ரெஸ்யூமே அனுப்பவும்." பொறியியல் படித்து நாலைந்து வருடம் வேலை பார்த்த யாருடைய போனைத் திறந்தாலும் இப்படி ஒரு செய்தி கிடக்கும். யார் அனுப்பினார்கள், எந்த வேலை, எந்த ஊர் என்று எதுவும் இருக்காது. பெறுபவர் அந்த நிறுவனத்தில் ஏற்கெனவே விண்ணப்பித்து, இரண்டு சுற்று நேர்காணலும் முடித்தவர் என்றால் எரிச்சல் இரட்டிப்பாகும். அத்தனை விவரமும் கொடுத்தாயிற்றே, மறுபடியும் முதலிலிருந்தா?

உண்மையில் அந்த விவரங்கள் நிறுவனத்தின் கையில்தான் இருக்கின்றன. விண்ணப்பங்களைச் சேமிக்கும் மென்பொருளில் பெயர், படிப்பு, அனுபவம், நேர்காணல் குறிப்பு எல்லாம் கிடக்கும். இந்தப் பழைய பட்டியலைத்தான் ஆளெடுப்புத் துறையினர் 'டேலன்ட் பூல்' என்கிறார்கள். படிப்பும் பழைய அனுபவமும் மாறப்போவதில்லை. சீக்கிரம் காலாவதியாகிறவை மூன்று: இன்னும் விருப்பம் இருக்கிறதா, எப்போது சேர முடியும், எவ்வளவு எதிர்பார்க்கிறார். பழையவர்களை மறுபடி அணுகும்போது கேட்க வேண்டியவையும் இவ்வளவுதான்.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்று. தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு இரண்டு பொறியாளர்கள் வேண்டும். எட்டு மாதத்துக்கு முன் இதே வேலைக்கு ஆள் எடுத்தபோது வந்த அறுபது விண்ணப்பங்கள் கோப்பில் உள்ளன. அவசரக்காரர் அறுபது பேருக்கும் ஒரே செய்தியைத் தட்டிவிடுவார். விவரம் தெரிந்த ஹெச்.ஆர். முதலில் அன்றைய குறிப்புகளைப் படிப்பார். அளவுக் கருவிகளைக் கையாளத் தெரியாததால் நிராகரிக்கப்பட்டவரை மறுபடி கூப்பிட்டு, அதே காரணத்துக்காகத் திருப்பி அனுப்புவது இரண்டாவது அவமானம். தேவை, கடைசிச் சுற்று வரை வந்து ஒரே ஒரு இடம் இருந்ததால் தவறியவர்கள். துறையில் இவர்களை 'சில்வர் மெடலிஸ்ட்' என்பார்கள். சம்பளம் ஒத்துவராமல் போனவர்களையும், அப்போது சேர முடியாதவர்களையும் சேர்த்துக்கொண்டால் அறுபது பேர் பத்துப் பன்னிரண்டாகச் சுருங்கிவிடுவார்கள்.

இந்தச் சிலருக்குப் போகும் செய்தி வேறு மாதிரி இருக்கும்: "மார்ச்சில் எங்கள் தரக் கட்டுப்பாட்டுப் பணிக்கு நேர்காணலுக்கு வந்திருந்தீர்கள். அதே பிரிவில் இப்போது இரண்டு இடங்கள். ஸ்ரீபெரும்புதூர், சுழற்சி ஷிப்ட், ஆண்டுக்கு ஆறரை முதல் ஏழரை லட்சம் வரை. விருப்பம் உண்டா? இருந்தால் எந்தத் தேதியில் சேர முடியும், எதிர்பார்ப்பு எவ்வளவு என்று மட்டும் சொல்லுங்கள். இனி இப்படிச் செய்தி வேண்டாம் என்றால் அதையும் சொல்லலாம்." சம்பள வரம்பை முதலிலேயே சொன்னால் பேரத்தில் தோற்போம் என்று பல நிறுவனங்கள் பயப்படுகின்றன. சொல்லாவிட்டால் ஒத்துவராதவர்களோடு பேசியே வாரம் ஓடிவிடும்.

பதில் வந்ததும் வேலை முடிந்துவிடாது. "நோட்டீஸ் பீரியட் 60 நாள்" என்று ஒருவர் எழுதுகிறார். ராஜினாமா கொடுத்துவிட்டு அறுபதாவது நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாரா, நம் ஆஃபர் கையில் வந்த பிறகுதான் கொடுப்பாரா? முதலாமவர் அடுத்த வாரமே வரலாம். இரண்டாமவர் நேர்காணல், ஆஃபர் எல்லாம் முடிந்து மூன்று மாதம் கழித்துத்தான் வருவார். ஆகவே நாள் எண்ணிக்கையைக் கேட்காமல், "ராஜினாமா கொடுத்தாச்சா, கடைசி வேலை நாள் எது?" என்று கேட்பதே சரி.

தேதிக்குப் பின்னால் ஆள் வெளியே சொல்லாத கணக்குகளும் உண்டு. தீபாவளி போனஸ் கைக்கு வரும்வரை பலர் நகர மாட்டார்கள். நிரந்தரப் பணியாளருக்குப் பணிக்கொடை கிடைக்க ஐந்து ஆண்டு சேவை வேண்டும். நாலரை ஆண்டு முடித்தவர் "இப்போது முடியாது" என்றால் அதற்கு அர்த்தம், ஆறு மாதம் கழித்து முடியும் என்பதாக இருக்கலாம்.

பணத்தில்தான் பெரிய குழப்பம். "ஐம்பதாயிரம் எதிர்பார்க்கிறேன்" என்கிறார் ஒருவர். ஹெச்.ஆர். அதைப் பன்னிரண்டால் பெருக்கி ஆறு லட்சம் என்று குறித்துக்கொள்கிறார். நிறுவனம் சொல்லும் ஆண்டுத் தொகையான சி.டி.சி.யில் நிறுவனம் கட்டும் பி.எஃப்., பணிக்கொடைக்கான ஒதுக்கீடு இரண்டும் அடக்கம். ஆறு லட்சத்தில் மாதத்துக்கு ஐம்பதாயிரம். அதில் பாதி, 25,000 ரூபாய், அடிப்படைச் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். அந்த முழுத் தொகைக்கும் பி.எஃப். கட்டும் நிறுவனம் என்றால் அதன் பங்கு 12 சதவீதம், 3,000 ரூபாய். ஊழியர் பங்கு இன்னொரு 3,000. பணிக்கொடைக்கு 4.81 சதவீதம், அதாவது சுமார் 1,200. வீட்டுக்கு வருவது 42,800 ரூபாய்க்குப் பக்கத்தில்; தொழில் வரி தனி. அந்த இளைஞர் நினைத்தது கையில் ஐம்பதாயிரம் என்றால், இதே கணக்கில் சி.டி.சி. ஏழு லட்சத்தைத் தொட வேண்டும். ஒரு லட்சம் இடிக்கிறது! இது ஆஃபர் லெட்டர் போன பிறகு தெரியவந்தால் ஆள் சேர மாட்டார். "கையில் எவ்வளவு, ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு" என்று இரண்டையும் கேட்டுப் பதிவு செய்வது இதனால்தான்.

எட்டு மாதத்துக்கு முன் சொன்ன எதிர்பார்ப்பையே பிடித்துக்கொண்டு தொங்குவதிலும் பயனில்லை. நடுவில் அவருக்கு இன்கிரிமென்ட் வந்திருக்கும். பழைய எண்ணை அழிக்காமல், புதியதைத் தேதியோடு கீழே எழுதினால் ஆள் எப்படி நகர்ந்திருக்கிறார் என்பது அடுத்த முறை தெரியும்.

மூன்று நாளாகியும் பதில் இல்லாதவருக்கு ஒரு போன். அங்கே முதலில் வருவது பெரும்பாலும் சம்பளப் பேச்சாக இருக்காது.

"மேடம், போன தடவை செலக்ட் ஆனேனா இல்லையான்னே யாரும் சொல்லலையே?"

"ஆமாங்க, சொல்லியிருக்கணும். கடைசி ரெண்டு பேர்ல நீங்களும் இருந்தீங்க. அன்னிக்கு ஒரு இடம்தான் இருந்துச்சு. அதே மேனேஜர்தான் இப்பவும் கேக்கறார்."

"அப்ப மறுபடியும் ரிட்டன் டெஸ்ட்டா?"

இந்தக் கேள்விக்குப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் போனை எடுக்க வேண்டும். எழுத்துத் தேர்வு வேண்டாம், மேலாளருடன் ஒரே சுற்று என்று சொல்ல முடிந்தால் பழையவரைக் கூப்பிட்டதில் இரு தரப்புக்கும் லாபம். எல்லாரையும் போல முதல் சுற்றிலிருந்து வரச் சொன்னால் அவர் ஏன் வர வேண்டும்?

இன்னொரு தயக்கமும் உண்டு. வேலை வாங்கித் தருவதாகப் பதிவுக் கட்டணம் கேட்கும் மோசடிகள் மலிந்துவிட்டதால், தெரியாத எண்ணிலிருந்து வரும் நல்ல செய்தியைத்தான் ஜனங்கள் முதலில் சந்தேகிக்கிறார்கள். நிறுவனத்தின் சொந்த முகவரியிலிருந்து மின்னஞ்சலும், அதில் பழைய நேர்காணலின் மாதமும் இருந்தால் சந்தேகம் பெரும்பாலும் தீரும். ஆதார், வங்கி விவரம் எதையும் இந்தக் கட்டத்தில் கேட்க வேண்டிய அவசியமே கிடையாது.

ஒரு வேலைக்காகக் கொடுத்த விவரத்தை வேறு காரியத்துக்கு எடுத்தாளலாமா என்பது சட்டக் கேள்வியும்கூட. 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காக விவரம் வாங்குகிறோம் என்று சொல்லிச் சம்மதம் பெறுவதையும், அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையையும் அடிப்படையாக வைத்திருக்கிறது. எதிர்கால வாய்ப்புகளுக்கும் விவரத்தை வைத்துக்கொள்ளலாமா என்று விண்ணப்பப் படிவத்திலேயே தனியாகக் கேட்டுவிடுவது நல்லது. "இனி வேண்டாம்" என்றவரின் பெயர் அடுத்த பட்டியலில் மறுபடி தலைகாட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. பதில் ஒருவரின் வாட்ஸ்அப்பிலேயே தங்கிவிட, மென்பொருளில் யாரும் ஏற்றியிருக்க மாட்டார்கள்.

"இப்போது வேண்டாம், தை மாதம் தங்கை கல்யாணம், அதற்கப்புறம் பார்க்கலாம்" என்பது போன்ற பதிலும் அப்படித்தான் காணாமல் போகிறது. 'விருப்பமில்லை' என்ற கட்டத்தில் டிக் செய்து மூடிவிடுகிறார்கள். அதைத் தனி நிலையாகக் குறித்து, பிப்ரவரி இரண்டாம் வாரம் பேச வேண்டும் என்று நினைவூட்டலும் வைத்தால், அடுத்த இடம் காலியாகும்போது முதல் போன் யாருக்கு என்று தேட வேண்டியிருக்காது.