நாலு மடங்கில் ஒன்றைக் கழித்து மூன்றால் வகு

1910ஐ ஒட்டிய காலம். லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர், கல்லால் கட்டிய அணை ஒன்றின் உள்ளே தகைவு எங்கெங்கே எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அணையின் குறுக்குவெட்டுப் படத்தின் மேல் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் கூட்டல் கழித்தல் செய்துகொண்டே போகிற வேலை அது. கால்குலேட்டர் இல்லாத காலம் என்பதால் பையன்களைக் கூலிக்கு வைத்துக்கொண்டார். புள்ளிக் கணக்கில் கூலி, அதுவும் இலக்கத்தைப் பொறுத்து: மூன்று இலக்க எண் என்றால் ஒரு புள்ளிக்கு ஒரு பென்னியில் ஆறில் ஒரு பங்கு. தப்பாகப் போட்டதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பிளஸ், மைனஸ் கலந்து வருவதுதான் பையன்களைத் தடுமாற வைத்தது என்று தன் ஆய்வுக் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்.

துல்லியம் வேண்டுமென்றால் கட்டத்தைச் சிறிதாக்க வேண்டும். கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் புள்ளிகள் நாலு மடங்காகும், கூலியும் நாலு மடங்காகும். ரிச்சர்ட்சன் வேறு வழி பார்த்தார். பெரிய கட்டத்தில் ஒரு விடை, சிறிய கட்டத்தில் ஒரு விடை. இரண்டுமே தப்பு. ஆனால் எந்த விதத்தில் தப்பு என்பது தெரிந்தால், இரண்டையும் சேர்த்து வைத்தே மேலான விடை ஒன்றை எடுத்துவிடலாம். 1927இல் ஜே. ஏ. கான்ட்டுடன் சேர்ந்து இதைப் பற்றி விரிவாகவும் எழுதினார். இன்று இதற்கு ரிச்சர்ட்சன் புறச்செருகல் என்று பெயர்.

அணையை விட்டுவிட்டு இதையே ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். மடக்கை அட்டவணை கையில் இருக்கிறது. ln x என்ற வளைவு x = 2 என்ற இடத்தில் எவ்வளவு சாய்வாக ஏறுகிறது? வகைநுண்கணிதம் படித்தவர்கள் 1/x, அதாவது சரியாக 0.5 என்று சொல்லிவிடுவார்கள். விடை தெரிந்த கணக்கை எடுத்துக்கொள்வது, நம் பிழை எவ்வளவு என்று பார்க்கத்தான். அட்டவணை மட்டும் இருப்பவர், 2க்கு இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் அதே தூரத்தில் ஒரு புள்ளி எடுத்து, இரண்டையும் இணைக்கும் நேர்கோட்டின் சாய்வைப் பார்ப்பார். மைய வேறுபாடு என்பது இதுதான்:

D(h) = [f(x+h) − f(x−h)] / 2h

h = 0.2 என்று வைத்தால் 2.2க்கும் 1.8க்கும் மடக்கை பார்க்க வேண்டும். 0.788457இலிருந்து 0.587787ஐக் கழித்து 0.4ஆல் வகுத்தால் 0.501677 வருகிறது. பிழை 0.001677. h = 0.1 என்று பாதியாக்கினால் 0.500417. பிழை 0.000417. தூரம் பாதியானதும் பிழை கால்பங்காகிவிட்டது.

இது தற்செயல் இல்லை. வளைவு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைந்தால், வலப்பக்கம் ஏறும் தப்பும் இடப்பக்கம் ஏறும் தப்பும் கழித்தலில் அடிபட்டுப் போகின்றன. h-இன் முதல் படியில் பிழை எதுவும் மிஞ்சுவதில்லை. மிஞ்சுவது h²-இல் தொடங்கும், அடுத்தது h³ அல்ல, நேராக h⁴. அதாவது

D(h) = உண்மை விடை + c·h² + d·h⁴ + …

இந்த c எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, இங்கேதான் முழு வித்தையும் இருக்கிறது. c அந்த இடத்தில் வளைவு எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது, நாம் எடுக்கும் h-ஐப் பொறுத்ததல்ல. ஆகவே இரண்டு கணக்கிலும் அது அதே c. பாதித் தூரத்து விடையில் அந்தப் பிழை கால்பங்கு இருக்கிறது. அந்த விடையை நாலால் பெருக்கினால் பிழை முழுப் பங்காகிவிடும். அதிலிருந்து பெரிய தூரத்து விடையைக் கழித்தால் பிழையும் பிழையும் அடிபடும், உண்மை விடை மூன்று மடங்காக நிற்கும். மூன்றால் வகுத்தால் தீர்ந்தது:

R = [4·D(h/2) − D(h)] / 3

நம் எண்களைப் போடுவோம். 4 × 0.500417293 = 2.001669172. இதில் 0.501676739ஐக் கழித்தால் 1.499992433. மூன்றால் வகுத்தால் 0.499997478. பிழை 0.0000025தான். கையில் இருந்த இரண்டு விடைகளில் நல்லதோடு ஒப்பிட்டாலும் நூற்று அறுபது மடங்கு சிறியது. இதற்காகப் புதிதாக ஒரு மடக்கைகூடப் பார்க்கவில்லை.

மிஞ்சியிருப்பது h⁴ பிழை. அது உண்மைதானா என்று h = 0.05 எடுத்துப் பார்க்கலாம். D = 0.500104206. இதையும் 0.1-இன் விடையையும் சேர்த்தால் 0.499999843 வருகிறது. பிழை 0.0000025இலிருந்து 0.00000016க்கு இறங்கிவிட்டது, ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்கு. இரண்டாம் படித் துல்லியம் நான்காம் படிக்கு ஏறியது என்று சொல்வது இதைத்தான். பாடப்புத்தகங்களில் 1, 8, 8, 1 என்ற எடைகளும் கீழே 12h-உம் போட்டு ஐந்து புள்ளிச் சூத்திரம் என்று ஒன்று வரும். அது வேறொன்றுமில்லை, இதே சூத்திரத்தைப் பிரித்து எழுதியதுதான். மனப்பாடம் செய்தவர்கள் பலருக்கு இந்த உறவு தெரியாது, எனக்கும் வெகுநாள் தெரியாது.

இதுவரை எல்லாம் சுமுகமாகப் போனதற்கு, நான் ஒன்பது இலக்கம் வைத்துக் கணக்குப் போட்டதும் ஒரு காரணம். நாலு இலக்க அட்டவணையை வைத்து இதையே செய்து பாருங்கள். h = 0.2க்கு 0.7885 கழித்தல் 0.5878, விடை 0.50175. h = 0.1க்கு 0.7419 கழித்தல் 0.6419, விடை சரியாக 0.5000. சூத்திரத்தில் போட்டால் 0.49942. திருத்தப் போய்க் கெடுத்துவிட்டோம்! அட்டவணையின் ஒவ்வொரு எண்ணிலும் கடைசி இலக்கத்தில் அரை வரை தப்பு இருக்கலாம். இரண்டு எண்ணைக் கழித்து 0.2ஆல் வகுக்கும்போது அது 0.0005 வரை பெருகும். நாம் நீக்க நினைத்த h² பிழையோ 0.0004தான். அந்த 0.5000 சரியாக வந்தது அதிர்ஷ்டம். வளைவால் வந்த பிழையும் இலக்கத்தைச் சுருக்கியதால் வந்த பிழையும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டன. சுருக்கிய பிழை h²-ஐப் போல ஒழுங்காக நடப்பதில்லை, ஆகவே நாலால் பெருக்குவதில் அது போகாது, பெருகத்தான் செய்யும்.

கணினியிலும் இதே கதைதான், இலக்கம் மட்டும் பதினாறுக்குப் பக்கம். அங்கே ஓரளவு சாதாரணமான ஒரு சார்புக்கு மைய வேறுபாட்டை எடுத்தால், h-ஐ நூறாயிரத்தில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் வைக்கும்போதுதான் நல்ல விடை, பத்து இலக்கம் போலச் சரியாக வரும். அதற்கும் கீழே போனால் விடை கெடத் தொடங்கும். நான்காம் படிச் சூத்திரத்துக்கோ ஆயிரத்தில் ஒரு பங்கே போதும், பன்னிரண்டு பதிமூன்று இலக்கம் கிடைத்துவிடும். h பெரிதாக இருப்பதால் கழித்தலில் இலக்கங்கள் அவ்வளவாகப் பறிபோவதில்லை.

சரி, உண்மை விடை தெரியாதபோது நம்புவதா வேண்டாமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்று தூரங்களில் கணக்குப் போட்டு, அடுத்தடுத்த வித்தியாசங்களை வகுத்துப் பார்க்க வேண்டும். நம் மடக்கைக் கணக்கில் 0.2க்கும் 0.1க்கும் வித்தியாசம் 0.001259, 0.1க்கும் 0.05க்கும் 0.000313. வகுத்தால் 4.02. நாலுக்கு இவ்வளவு நெருக்கமாக வந்தால் சூத்திரத்தைத் தைரியமாகப் போடலாம். நாலு இலக்க அட்டவணையில் இரண்டாவது வித்தியாசம் பூஜ்யமாகவே நிற்கும், வகுக்கவே முடியாது.

இந்தச் சோதனை இன்னொரு சிக்கலையும் காட்டிக்கொடுக்கும். x|x| என்ற சார்பை x = 0 என்ற இடத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் வழவழப்பாகத்தான் தெரியும், சாய்வும் பூஜ்யம்தான். ஆனால் வளைவு அங்கே திடீரென்று எதிர்ப்பக்கம் திரும்புகிறது. h = 0.2க்கு விடை 0.2, 0.1க்கு 0.1, 0.05க்கு 0.05. விகிதம் நாலு வரவில்லை, இரண்டு. அதைக் கவனிக்காமல் முதல் இரண்டையும் நாலு மடங்குச் சூத்திரத்தில் போட்டால் 0.067 என்று வரும். முன்னைவிடக் கொஞ்சம் தேவலாம், ஆனால் படி ஏறவே இல்லை. h-ஐ எவ்வளவு சுருக்கினாலும் பிழை பாதி பாதியாகத்தான் குறையும்.